கொள்முதல் விலை லோடுக்கு லோடு மாறும்போது பொருள்வாரி மார்ஜினைத் தானாக எடுப்பது எப்படி?

விருதுநகர்_தானியம்

வணக்கம். எங்களுக்குப் பருப்பு மொத்த வியாபாரம். லாத்தூர், கலபுர்கி பக்கத்து மில்களில் இருந்து துவரம் பருப்பு 50 கிலோ மூட்டையாக வருகிறது. ஒரு லோடு வந்த விலையில் அடுத்த லோடு வருவதே கிடையாது.

பில்லிங் மென்பொருளில் பொருள்வாரி லாபம் என்று ஓர் அறிக்கை இருக்கிறது. புதுக் கொள்முதல் பில்லைப் பதிந்த அடுத்த நிமிடமே, ஏற்கெனவே விற்று முடித்த சரக்கின் லாபமும் சேர்ந்து மாறிவிடுகிறது. அதுதான் என் பிரச்சினை. ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துப் போடுகிறேன். எல்லாம் மூட்டைக் கணக்கு, வரி சேர்க்காத விலை.

ஏப்ரல் 1: தொடக்க இருப்பு 10 மூட்டை, அடக்கம் 5,000 ரூபாய்
ஏப்ரல் 5: விற்பனை 6 மூட்டை, 5,500 ரூபாய்
ஏப்ரல் 9: கொள்முதல் 20 மூட்டை, 5,600 ரூபாய்
ஏப்ரல் 12: விற்பனை 10 மூட்டை, 5,900 ரூபாய்

8ஆம் தேதி இரவு பார்த்தபோது, 5ஆம் தேதி விற்பனைக்கு 3,000 ரூபாய் லாபம் என்று காட்டியது. 9ஆம் தேதி லோடைப் பதிந்ததும் அதே விற்பனைக்கு 600 ரூபாய் நட்டம் என்கிறது! இப்போது மாதம் முழுவதற்கும் 92,000 ரூபாய் விற்பனையில் 2,400 ரூபாய்தான் லாபம், அதாவது 2.6 சதவீதம். இது உண்மையா? உண்மை இல்லையென்றால் எந்த எண்ணை நம்பி விலை போடுவது?

அண்ணாச்சி_ஸ்டோர்ஸ்

தம்பி, உங்கள் மென்பொருள் சொல்வதுதான் சரி. 5,500க்கு ஆறு மூட்டை கொடுத்துவிட்டீர்கள். அந்த இடத்தை நிரப்ப 5,600 கொடுத்து வாங்கினீர்கள். மூட்டைக்கு நூறு ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. இதில் லாபம் எங்கே இருக்கிறது? கடைசியாக வாங்கிய விலைதான் அடக்கம். நாங்கள் முப்பது வருடமாக அப்படித்தான் பார்க்கிறோம், கடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

ரேட்_கார்டு

கணக்கு போடும் முறையே தப்பு என்று நினைக்கிறேன். 5,000க்கு வாங்கி 5,500க்கு விற்றால் 500 ரூபாய், 5,000த்தில் 10 சதவீதம். உங்கள் ஆடிட்டர் 500ஐ 5,500ஆல் வகுத்து 9.09 என்று சொல்லியிருப்பார். அந்தக் குழப்பம்தான் இது. வாங்கிய விலையால் வகுத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

விருதுநகர்_தானியம்

அது இல்லை சார். எதால் வகுக்கிறோம் என்பது வேறு விஷயம். நான் கேட்பது, அந்த 5,000 ரூபாய் அடக்கம் ஏன் 5,600 ஆனது என்று. ஆறு மூட்டையும் புது லோடு வருவதற்கு நான்கு நாள் முன்பே லாரியேறிப் போய்விட்டன.

அடக்கம்_கோவை

காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பார்ப்பது என் வேலை. உங்கள் அறிக்கை என்ன செய்கிறது என்பது எண்களிலேயே தெரிகிறது. விற்ற 16 மூட்டையையும் 5,600ஆல் பெருக்கி 89,600 ரூபாயை அடக்கமாக வைக்கிறது. அதாவது, பொருள் விவரத்தில் இருக்கும் ‘கடைசிக் கொள்முதல் விலை’ என்ற ஒரே கட்டத்தை, அறிக்கை திறக்கும் நேரத்தில் எடுத்துப் பெருக்குகிறது. அந்தக் கட்டம் மாறினால் பழைய லாபம் எல்லாம் மாறத்தான் செய்யும்.

இது தப்பு என்பதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எந்த முறையானாலும் இந்தச் சோதனையில் தேற வேண்டும். தொடக்க இருப்பு 50,000, கொள்முதல் 1,12,000, கூட்டினால் 1,62,000 ரூபாய். இந்தப் பணம் இரண்டே இடத்தில்தான் இருக்க முடியும்: ஒன்று விற்றுப்போன சரக்கில், இல்லை கிடங்கில் மிச்சமிருக்கும் சரக்கில். உங்கள் மென்பொருள் கணக்கில் விற்ற சரக்கு 89,600. மிச்சம் 14 மூட்டையையும் அதே 5,600க்கு மதிப்பிட்டால் 78,400. இரண்டும் சேர்ந்து 1,68,000. நீங்கள் செலவே செய்யாத 6,000 ரூபாய் இதில் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கிறது.

இப்போது இருப்பேட்டை வரிசையாக, நாள் கணக்கில் நடத்திப் பார்ப்போம். 5ஆம் தேதி ஆறு மூட்டை வெளியே போகும்போது கிடங்கில் இருந்ததெல்லாம் 5,000 ரூபாய் சரக்கு. ஆக அடக்கம் 30,000, லாபம் 3,000. அந்த வரி அதோடு முடிந்தது. மிச்சம் நான்கு மூட்டை, 20,000 ரூபாய்.

9ஆம் தேதி 20 மூட்டை வருகிறது, 1,12,000. இப்போது கிடங்கில் 24 மூட்டை, 1,32,000 ரூபாய். சராசரி அடக்கம் 5,500. 12ஆம் தேதி பத்து மூட்டை போகிறது, அடக்கம் 55,000, விற்பனை 59,000, லாபம் 4,000. மிச்சம் 14 மூட்டை, 77,000.

விற்ற சரக்கு 85,000, மிச்சம் 77,000, கூட்டினால் 1,62,000. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உங்கள் லாபம் 7,000 ரூபாய், 92,000த்தில் 7.6 சதவீதம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சரக்கு வெளியேறும் நொடியில் அன்றைய சராசரி அடக்கம் அந்த வரியிலேயே எழுதப்பட்டுவிட வேண்டும். மார்ஜின் அறிக்கை அந்த வரிகளைக் கூட்ட மட்டும் வேண்டும். பொருள் விவரத்தில் இருக்கும் விலையை அது தொடவே கூடாது.

மூட்டை_முத்து

மேடம் சொன்ன சராசரி முறையைவிட, முதலில் வந்தது முதலில் போகும் முறைதான் பருப்புக்குப் பொருந்தும். வண்டு விழும் என்று நாங்கள் பழைய மூட்டையைத்தான் முதலில் தள்ளுவோம். அப்படிப் பார்த்தால் 12ஆம் தேதி போன பத்தில் நான்கு 5,000 சரக்கு, ஆறு 5,600 சரக்கு. அடக்கம் 53,600, லாபம் 5,400. மாதத்துக்கு 8,400, அதாவது 9.1 சதவீதம். சராசரி போட்டால் 1,400 ரூபாய் லாபம் மறைந்துவிடுகிறதே?

அடக்கம்_கோவை

மறையவில்லை, கிடங்கில் இருக்கிறது. உங்கள் முறையில் மிச்சம் 14 மூட்டையும் 5,600 சரக்கு, 78,400. என் முறையில் 77,000. வித்தியாசம் அதே 1,400. அடுத்த மாதம் அந்த மூட்டைகள் விற்கும்போது எனக்கு அந்த 1,400 லாபமாக வரும், உங்களுக்கு வராது. விற்ற சரக்கு 83,600, மிச்சம் 78,400, கூட்டினால் 1,62,000. உங்கள் கணக்கும் சோதனையில் தேறுகிறது.

நம் நாட்டுக் கணக்கியல் தரம் AS 2 இரண்டையும் ஏற்கிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான். விலை ஏறும் காலத்தில் உங்கள் முறை லாபத்தை முன்னதாகக் காட்டும், இறங்கும் காலத்தில் முன்னதாகக் குறைக்கும். கையால் நடத்துபவர்களுக்கு நான் சராசரியைச் சொல்வதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு லோடிலும் எத்தனை மூட்டை மிச்சம் என்று தனித்தனியாகப் பிடித்து வைக்க வேண்டியதில்லை. இரண்டு எண்கள் போதும்: மொத்த மூட்டை, மொத்த மதிப்பு.

விருதுநகர்_தானியம்

இது நன்றாகப் புரிகிறது மேடம். மென்பொருளில் இந்த முறையை மாற்ற வசதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கொள்முதல், விற்பனை வரிகளை எக்செல்லாக இறக்கிக்கொள்ளலாம். அதில் தானாக வர வைக்க முடியுமா? எங்களிடம் சுமார் நாற்பது பொருட்கள் இருக்கின்றன, பொருளுக்கு ஒரு ஷீட் போட முடியாது.

அடக்கம்_கோவை

ஒரே ஷீட் போதும். கொள்முதல், விற்பனை இரண்டையும் தேதி வரிசையில் கலந்து அடுக்குங்கள். A தேதி, B பொருள், C உள்ளே வந்த மூட்டை, D அதன் மதிப்பு, E வெளியே போன மூட்டை, F அதன் அடக்கம், G விற்பனைத் தொகை. தொடக்க இருப்பை முதல் நாள் வரவாகப் போடுங்கள். முதல் வரி தலைப்பு. F2வில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(E2=0,0,E2*(SUMIFS(D$1:D1,B$1:B1,B2)-SUMIFS(F$1:F1,B$1:B1,B2))/(SUMIFS(C$1:C1,B$1:B1,B2)-SUMIFS(E$1:E1,B$1:B1,B2)))
```

இந்த வரிக்கு மேலே இருப்பதை மட்டும் பார்த்து, அந்தப் பொருளின் மிச்ச மதிப்பை மிச்ச மூட்டையால் வகுத்து, போன மூட்டையால் பெருக்குகிறது. வரம்பு எப்போதும் முந்தைய வரியோடு நிற்பதால் பின்னால் வரும் கொள்முதல் முன்னால் போன விற்பனையைத் தொடாது. நீங்கள் கேட்டது இதுதான்.

பொருள் பெயர்களை J பத்தியில் ஒருமுறை எழுதிவிட்டு, பக்கத்தில் லாபத்துக்கு:

```
=SUMIFS(G:G,B:B,J2)-SUMIFS(F:F,B:B,J2)
```

சதவீதம் வேண்டுமென்றால் இந்தக் கூட்டுத் தொகையை விற்பனைக் கூட்டுத் தொகையால் வகுங்கள். பில்லுக்கு பில் சதவீதம் எடுத்து அதைச் சராசரி போடாதீர்கள். உங்கள் இரண்டு விற்பனையும் தனித்தனியாக 9.09, 6.78. சராசரி போட்டால் 7.9 வரும், உண்மை 7.6. பெரிய பில்லுக்கும் சின்ன பில்லுக்கும் ஒரே மரியாதை கொடுத்ததன் விளைவு அது.

வரிசை முக்கியம். ஒரே நாளில் வரவும் விற்பனையும் இருந்தால் எது முதலில் நடந்ததோ அதை மேலே வையுங்கள். வரிகள் பல ஆயிரம் ஆகிவிட்டால் ஷீட் திணறும். அப்போது மாத முடிவில் இருப்பைத் தொடக்க இருப்பாக எடுத்துக்கொண்டு புது ஷீட் தொடங்கிவிடலாம்.

செக்கு_எண்ணெய்

எனக்கும் இதே தொல்லைதான், ஆனால் சராசரி முறை போட்ட பிறகும் தீரவில்லை. கடலை எண்ணெய் 15 கிலோ டின்னாக வாங்கி, சில்லறையில் லிட்டராக ஊற்றிக் கொடுக்கிறோம். டின் 2,400 ரூபாய், அதனால் லிட்டர் அடக்கம் 160. விற்பது 165. ஐந்து ரூபாய்தான் நிற்கிறது என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் மாதக் கடைசியில் இருப்பு மைனஸில் போய்விடுகிறது, டின்னில் எண்ணெய் இருக்கும்போதே! அப்புறம் அடுத்த டின் வந்ததும் அடக்கம் தாறுமாறாகக் குதிக்கிறது.

அடக்கம்_கோவை

உங்களுடையது விலைப் பிரச்சினையே இல்லை. 15 கிலோ எண்ணெய் 15 லிட்டர் கிடையாது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. கடலை எண்ணெயின் அடர்த்தி 0.915 கிட்ட இருப்பதால் ஒரு டின்னில் ஏறத்தாழ 16.4 லிட்டர் வரும். ஏட்டில் 15ஐ வரவு வைத்துவிட்டு 16.4ஐ விற்றால் இருப்பு மைனஸாகத்தான் செய்யும். உண்மையான லிட்டர் அடக்கம் 146 ரூபாய். நிற்பது ஐந்து ரூபாய் இல்லை, பத்தொன்பது ரூபாய் கிட்ட. டின்னைப் பதியும்போதே லிட்டராக மாற்றிப் பதியுங்கள். ஊற்றும்போது சிந்துவதற்கும், டின்னில் ஒட்டுவதற்கும் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். எவ்வளவு கழிப்பது என்பதை நீங்களே நாலைந்து டின் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

மைனஸ் இருப்பு ஏன் அடக்கத்தைக் குதிக்க வைக்கிறது என்பது விருதுநகர் சாருக்கும் தேவைப்படும். அவசரத்தில் விற்பனை பில் போட்டுவிட்டு, கொள்முதல் பில்லை மறுநாள் பதிவது எல்லாக் கடையிலும் நடக்கிறது. இருப்பு மைனஸ் 3 மூட்டை, 5,600 கணக்கில் மதிப்பு மைனஸ் 16,800 என்று வைத்துக்கொள்வோம். அடுத்து 10 மூட்டை 6,000 ரூபாய்க்கு வருகிறது. மிச்சம் 7 மூட்டை, மதிப்பு 60,000லிருந்து 16,800 போக 43,200. வகுத்தால் மூட்டை 6,171 ரூபாய். நீங்கள் வாங்கிய எந்த விலையும் 6,000த்தைத் தாண்டவில்லை, சராசரி மட்டும் தாண்டிவிட்டது.

கண்டுபிடிக்க வழி இதுதான். சராசரி எப்போதும் வாங்கிய விலைகளில் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளியே போனால் அதற்கு மேலே எங்கோ இருப்பு மைனஸ் ஆகியிருக்கிறது, அல்லது அளவு தப்பு. நான் கொடுத்த சூத்திரத்தில் இருப்பு சரியாகப் பூஜ்ஜியமாக இருக்கும்போது விற்றால் `#DIV/0!` என்று வந்து நிற்கும். அதை IFERROR போட்டு மறைத்துவிடாதீர்கள். விடுபட்ட கொள்முதல் பில்லைத் தேட வேண்டிய இடம் அது.

விருதுநகர்_தானியம்

ஷீட் போட்டுவிட்டேன், 7,000 அப்படியே வருகிறது. இப்போது அடுத்தது. 9ஆம் தேதி லோடுக்கு லாரி வாடகை பில் 15ஆம் தேதிதான் வந்தது, இறக்குக்கூலியும் சேர்த்து 2,400 ரூபாய். 20 மூட்டைக்கு மூட்டைக்கு 120. ஆனால் அதற்குள் பத்து மூட்டை விற்றுவிட்டேனே? 15ஆம் தேதி இருப்பில் இருக்கும் 14 மூட்டை மேல் ஏற்றிவிடலாமா?

சேலம்_கோடர்

இருக்கும் மூட்டை மேல் மட்டும் ஏற்றினால் 77,000 உடன் 2,400 சேர்ந்து மூட்டை 5,671 ஆகிவிடும். விற்றுப்போன மூட்டைகள் வாடகை இல்லாமல் வந்தது போலவும், மிச்சம் இருப்பது கூடுதல் வாடகை கொடுத்து வந்தது போலவும் ஆகும். ஏப்ரல் லாபம் கூடுதலாகவும் மே லாபம் குறைவாகவும் தெரியும்.

நான் ERPNext போட்டுத் தரும் வேலையில் இருக்கிறேன். அதில் Landed Cost Voucher என்று ஓர் ஆவணம் உண்டு. வாடகையைப் பழைய கொள்முதல் ரசீதோடு கோத்துவிட்டால், 9ஆம் தேதி வரவு மதிப்பையே உயர்த்தி, அதற்குப் பின் வந்த எல்லா வரியையும் திரும்ப மதிப்பிட்டுவிடும். உங்கள் ஷீட்டில் அதையே செய்ய, 9ஆம் தேதி வரியில் D கட்டத்தை 1,12,000லிருந்து 1,14,400 ஆக்குங்கள். சராசரி 5,600 ஆகும். 12ஆம் தேதி அடக்கம் 56,000, லாபம் 4,000 இல்லை, 3,000. மிச்சம் 14 மூட்டை 78,400.

அந்த மென்பொருள் வைத்திருப்பவர்கள் பொருள்வாரி அடக்கத்தை இருப்பேட்டிலிருந்தே நேராக எடுக்கலாம். விலைப் பட்டியலைத் தொட வேண்டாம்:

```sql
SELECT item_code, SUM(-stock_value_difference) AS cogs
FROM `tabStock Ledger Entry`
WHERE voucher_type IN ('Sales Invoice', 'Delivery Note')
  AND is_cancelled = 0
GROUP BY item_code;
```

மாதக் கணக்கு வேண்டுமென்றால் `posting_date`க்கு ஒரு வரம்பு சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கு 30ஆம் தேதி போய், பில் 1ஆம் தேதி போட்டிருந்தால் அடக்கம் ஒரு மாதத்திலும் விற்பனை இன்னொரு மாதத்திலும் விழும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடக்கம்_கோவை

கணக்கு சரி சார். ஆனால் பழைய வரியைத் திருத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஏப்ரல் மார்ஜினை வைத்து ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்திருப்பார், கூட்டாளிக்குக் காட்டியிருப்பார். அப்புறம் மே மாதம் திறந்து பார்த்தால் ஏப்ரல் எண் மாறியிருக்கும். இழையைத் தொடங்கியவருடைய முதல் புகாரே அதுதானே!

பழையதைத் தொடாமல் அதே விடைக்கு வரலாம். 9ஆம் தேதி லோடு கலந்தபோது கிடங்கில் 24 மூட்டை. அதில் பத்து விற்றுவிட்டது. ஆக 2,400ல் 24க்கு 10 பங்கு, 1,000 ரூபாய் விற்ற சரக்குக்கு. மிச்சம் 1,400 இருப்புக்கு. ஷீட்டில் 15ஆம் தேதி துவரம் பருப்பு பெயரிலேயே ஒரு வரி போடுங்கள். C பூஜ்ஜியம், D 2,400, E பூஜ்ஜியம், F கட்டத்தில் சூத்திரத்தை எடுத்துவிட்டு 1,000 என்று கையால் எழுதுங்கள். மிச்ச மதிப்பு 78,400 ஆகிவிடும், லாபத்தில் ஆயிரம் குறைந்துவிடும். 12ஆம் தேதி வரி அப்படியே இருக்கும்.

மூட்டை_முத்து

இங்கேதான் சராசரி உதைக்கிறது மேடம். வாடகை புது லோடு 20 மூட்டைக்கு வந்தது. விற்ற பத்தில் புது லோடு ஆறுதான். ஆறுக்கு 120 வீதம் 720 தானே விற்ற சரக்குக்குப் போக வேண்டும்? 1,000 எப்படி?

அடக்கம்_கோவை

உங்கள் முறையில் 720தான், அது சரி. சராசரியில் மூட்டைக்குத் தனி அடையாளம் கிடையாது. கலந்த பிறகு 24ம் ஒன்றே. ஒரு முறையில் அடக்கம் போட்டுவிட்டு இன்னொரு முறையில் வாடகை பிரித்தால் அந்த 1,62,000 சோதனை இடறாது, ஆனால் மூட்டை அடக்கம் இரண்டு முறைக்கும் சேராத ஓர் எண்ணாக நிற்கும்.

சேலம்_கோடர்

திருத்துவது பற்றி: மாதம் மூடும் முன் வந்த வாடகை என்றால் நான் திருத்தத்தான் சொல்வேன். இரண்டாவது முறையில் மாதக் கூட்டு சரி, ஆனால் 12ஆம் தேதி வாடிக்கையாளர் பில்லில் 4,000 லாபம் என்றே நிற்கும். வாடிக்கையாளர்வாரி மார்ஜின் பார்ப்பவருக்கு அது பொய். ஏட்டைப் பூட்டிய பிறகு வந்தால் நீங்கள் சொல்வது போல் தனி வரி. பூட்டும் தேதி ஒன்று வைத்துக்கொள்வதுதான் என் வழக்கம்.

அடக்கம்_கோவை

வாடிக்கையாளர்வாரி பார்ப்பவருக்கு நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொருள்வாரி மட்டும் என்றால் நான் என் பேச்சிலேயே நிற்கிறேன்.

அண்ணாச்சி_ஸ்டோர்ஸ்

எல்லாம் படித்தேன். ஆடிட்டருக்கு மேடம் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்கு நாளைக்குக் காலையில் விலை சொல்ல வேண்டும். கிடங்கில் சராசரி 5,500 என்று நினைத்து 5,700க்குக் கொடுத்தேன் என்றால், சந்தையில் மில் விலை 5,800 ஆகியிருந்தால் நான் காலி. அதற்கு உங்கள் ஏடு என்ன சொல்லும்?

அடக்கம்_கோவை

அண்ணாச்சி, நாளைய விலைக்கு நீங்கள் பார்ப்பதுதான் சரியான எண். அதை மறுக்கவில்லை. ஷீட்டில் ‘இன்றைய மில் விலை’ என்று தனிப் பத்தி போட்டு, விற்கும் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைப் போன மாதத்து லாபம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

விலை இறங்கும்போது உங்கள் முறை எப்படிக் கெடுக்கும் என்று பாருங்கள். வாடகையும் சேர்த்து 14 மூட்டை 5,600 அடக்கத்தில் கிடக்கிறது. அடுத்த லோடு 20 மூட்டை, வாடகை உட்பட 5,200க்கு வந்துவிட்டது. நீங்கள் 5,400க்கு விற்கிறீர்கள். கடைசி விலைக் கணக்கில் மூட்டைக்கு 200 ரூபாய் லாபம், சந்தோஷமாக இன்னும் இறக்கிக் கொடுக்கத் தோன்றும். உண்மையில் 34 மூட்டைக்கு 1,82,400 போட்டிருக்கிறீர்கள், சராசரி 5,365 கிட்ட. மூட்டைக்கு நிற்பது 35 ரூபாய். பையன் ஒருவன் ஐம்பது ரூபாய் தள்ளுபடி கொடுத்தாலே நட்டம்.

அண்ணாச்சி_ஸ்டோர்ஸ்

இறங்கும் சந்தையில் நான் சரக்கே சேர்க்க மாட்டேன் மேடம். ஆனால் அந்தத் தனிப் பத்தி நல்ல யோசனை. கடைப் பையனைப் போடச் சொல்கிறேன்.

விருதுநகர்_தானியம்

இன்னும் இரண்டு கேள்வி. 5ஆம் தேதி போன ஆறில் இரண்டு மூட்டை வண்டு என்று 18ஆம் தேதி திரும்பி வந்தது. 5,500க்கு வரவு வைத்துவிட்டேன். இரண்டாவது, ஒரு மில்லில் வருடக் கடைசியில் மொத்தமாக வாங்கியதற்குக் கிரெடிட் நோட் தருவார்கள். அது எந்த மாத அடக்கத்தில் போகும்?

சேலம்_கோடர்

5,500க்கு வரவு வைத்தால் உங்கள் லாபமே சரக்குக்குள் ஏறிவிடும். எந்த அடக்கத்தில் போனதோ அதே அடக்கத்தில் திரும்ப வர வேண்டும். விற்பனை வரியாகவே மைனஸில் போடுங்கள்: E மைனஸ் 2, F கையால் மைனஸ் 10,000, G மைனஸ் 11,000. 1,000 ரூபாய் லாபம் தானாகக் கழிந்துவிடும். வண்டு விழுந்த மூட்டையை விலை குறைத்துத்தான் தள்ள முடியும் என்றால், நல்ல சரக்கோடு சேர்க்காமல் தனிப் பொருள் பெயரில் வையுங்கள். இல்லையென்றால் நல்ல பருப்பின் மார்ஜினை அது இழுத்துவிடும்.

அடக்கம்_கோவை

கிரெடிட் நோட்டுக்கு ஒரே பதில் இல்லை. வியாபாரத் தள்ளுபடி அடக்கத்திலிருந்து கழிய வேண்டும் என்பது AS 2 சொல்வது. ஆனால் மார்ச்சில் வரும் நோட்டுக்கான சரக்கில் பெரும்பகுதி அதற்குள் விற்றுப்போயிருக்கும். அந்தப் பகுதியை விற்ற சரக்கின் அடக்கத்திலும் மிச்சத்தை இருப்பிலும் கழிக்க வேண்டும், வாடகைக்குச் செய்த அதே மாதிரி. சிலர் அளவு நிச்சயம் எட்டிவிடும் என்று தெரிந்தால் மாதாமாதம் எதிர்பார்த்துக் கழித்துக்கொண்டே வருகிறார்கள். எட்டாமல் போனால் வருடக் கடைசியில் எல்லாம் திரும்ப ஏறும். மில் எழுத்தில் கொடுத்திருக்கிறதா, இல்லை வாய்வார்த்தையா?

விருதுநகர்_தானியம்

வாய்வார்த்தைதான் மேடம்.

அடக்கம்_கோவை

அப்படியென்றால் நோட்டு கைக்கு வரும் வரை அடக்கத்தைத் தொடாதீர்கள்.

மூட்டை_முத்து

எங்கள் பக்கம் வாய்வார்த்தையாகவே பல வருடமாக வந்துகொண்டிருக்கிறது, ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதை விலையில் சேர்க்காமல் இருந்தால் பக்கத்துக் கடைக்காரன் மூட்டைக்கு முப்பது ரூபாய் குறைத்துக் கொடுத்து ஆளை இழுத்துவிடுவான். நான் மாதாமாதம் கழித்துத்தான் பார்க்கிறேன்.